ஆஃபர் கம்மியா வந்தா: எண்ணைச் சொல்லாதீங்க, எது நகரும்னு கேளுங்க

போன எபிசோடில் ஆஃபர் லெட்டர் பத்திப் பேசினப்போ பாதியிலேயே நேரம் முடிஞ்சுபோச்சு. அதனால விட்டுப்போன பாதியை இங்க எழுதுறேன். எதிர்பார்த்ததை விடக் குறைவான ஆஃபர் வந்தா முதல் பதிலை எப்படி எழுதுறது என்பதுதான் விஷயம்.

நம்ம வீடுகள்ல இதுக்கு ரெண்டு பள்ளி உண்டு. ஒண்ணு, "கிடைச்சதை விட்டுடாதே, முதல்ல உள்ள போ" பள்ளி. இன்னொண்ணு ரங்கநாதன் தெரு பள்ளி. அவன் ஆயிரம்னா நீ ஐநூறுன்னு சொல்லு, எழுநூறுல முடியும். புடவை வாங்கும்போது ரெண்டாவது நல்லாவே வேலை செய்யும். ஏன்னா அங்க பேசுறதுக்கு விலைன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, முடிவெடுக்கிற ஆளும் எதிரிலேயே நிக்கிறார். வேலை ஆஃபர்ல ரெண்டுமே அப்படி இல்லை.

ஒரு உதாரணத்தை எடுத்து முழுசா போட்டுப் பார்ப்போம். கிரெய்கிபர்ன்ல அம்மா அப்பாவோட இருக்கிற ஒரு பொண்ணு. கிளவுட் சப்போர்ட்ல மூணு வருஷ அனுபவம். இப்போதைய வேலையில் பேஸ் 84,000 டாலர், சூப்பர் தனி. சிட்டியில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போறா, "95 எதிர்பார்க்கிறேன்"னு சொல்றா. ஒரு வாரம் கழிச்சு ரெக்ரூட்டர் போன் பண்ணி, "வாழ்த்துகள், 95க்கு ஓகே பண்ணிட்டாங்க"ங்கிறார். வீட்ல கேசரி கிண்டியாச்சு. மறுநாள் கடிதம் வருது: மொத்தப் பேக்கேஜ் 95,000, சூப்பர் உட்பட.

இங்க யாரும் பொய் சொல்லலை. அவ மனசுல இருந்தது பேஸ், அவங்க மனசுல இருந்தது பேக்கேஜ். 2025 ஜூலை 1 முதல் சூப்பர் 12 சதவீதம். அதனால 95,000ஐ 1.12ஆல் வகுக்கணும். பேஸ் 84,821 வருது. பதினோராயிரம் உயர்வுன்னு நினைச்சது உண்மையில் 821 டாலர் உயர்வு. எந்த ஆஃபர் வந்தாலும் முதல் வேலை இந்த வகுத்தல்தான். கடிதத்துல "உட்பட"வா "தவிர"வான்னு தெளிவா இல்லைன்னா, பேரம் பேசுறதுக்கு முன்னாடி அதை மட்டும் தனியா கேட்டுடுங்க. கான்ட்ராக்ட் வேலையில் நாள் கூலிக்கும் இதே கதைதான். அங்க வர்ற சண்டையில் பாதி இந்த ஒரு சொல்லால வர்றது.

சரி, அவ எதிர்பார்த்த பேஸுக்கும் வந்த பேஸுக்கும் வித்தியாசம் 10,179 டாலர். இதுவும் முழுசா கைக்கு வராது. இந்தச் சம்பள அளவில் கூடுதலா வர்ற ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் வரி, 2 சென்ட் மெடிகேர் லெவி. ஹெக்ஸ் கடன் இருந்தா, 2025-26 நிதியாண்டுக் கணக்கில் 67,000க்கு மேல வர்ற ஒவ்வொரு டாலருக்கும் இன்னும் 15 சென்ட் அந்தக் கடனுக்குப் போகும். ஆக டாலருக்கு 53 சென்ட்தான் பேங்க் அக்கவுண்டுக்கு வரும். 10,179ல் சுமார் 5,400. கடன் குறையுறது நல்லதுதான், ஆனா கையில் இருக்கிற காசுன்னு பார்த்தா இதுதான் நிஜம்.

இதை ஏன் சொல்றேன்னா, அடுத்த கேள்விக்கு இது வேணும்: பேஸுக்குப் பதிலா வேற எதையாவது கொடுத்தா அது எனக்கு எவ்வளவு பெறும்? வீட்டிலிருந்து வேலை செய்ற ஒரு நாளை எடுத்துக்குங்க. கடிதத்துல வாரம் நாலு நாள் ஆபீஸ்னு போட்டிருக்கு. கிரெய்கிபர்ன் ஸ்டேஷனுக்கு வண்டி ஓட்டி, பார்க்கிங் தேடி, ரயில் ஏறி, சதர்ன் கிராஸ்ல இறங்கி நடந்து மேசைக்குப் போக ஒண்ணேகால் மணி நேரம்னு வைங்க. போக வர ரெண்டரை மணி. வருஷத்துல 46 வேலை வாரம்னா, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருந்தா 115 மணி நேரம் மிச்சம். 38 மணி நேர வாரக் கணக்கில் அது மூணு வாரத்து வேலை. டிக்கெட் காசு பெருசில்லை. 2025ல் ஒரு நாள் உச்சக் கட்டணம் 11 டாலர், வருஷத்துக்கு 506. ஆனா அது வரி போன பிறகு கையிலிருந்து போற காசு. ஹெக்ஸ் இருக்கிறவங்க அதைச் சம்பாதிக்க பேஸ்ல சுமார் 950 தேவை. ஃபிட்ஸ்ராய்ல வாடகைக்கு இருக்கிற ஆளுக்கு இந்த நாள் அவ்வளவு பெறாது. ஒரே சலுகை, ஆளுக்கு ஆள் வேற விலை. பேரத்துக்கு இடம் இருக்கிறதே இதனாலதான்.

கம்பெனி பக்கமும் இப்படித்தான். பேஸ் ஒரு பட்டியலுக்குள் இருக்கும். அதே டீம்ல ஏற்கனவே இருக்கிறவங்க சம்பளத்தை உங்களோடது தாண்டினா மேனேஜருக்குத் தலைவலி. தாண்டணும்னா மேலிடத்துக் கையெழுத்து வேணும். வீட்டு வேலை நாளை மேனேஜரே தீர்மானிக்கலாம். தேர்வுக் கட்டணம் டிரெய்னிங் பட்ஜெட்ல இருந்து வரும். ஆன்-கால் அலவன்ஸுக்குத் தனிப் பாலிசி இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் வேற கதவு, வேற சாவி. எந்தக் கதவு திறந்திருக்குன்னு வெளியில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது. தெரியாத நேரத்துல எண்ணைச் சொல்றதை விட, கேக்கிறது நல்லது.

ஆனா கேக்கிற விதம் இருக்கே. "இதுல ஏதாவது நகருமா?"ன்னு கேட்டா "இல்லை"ன்னு ஒரு வார்த்தையில் முடிச்சுடலாம். "இதுல எது நகரும்?"னு கேட்டா எதிராளி யோசிச்சுத்தான் பதில் சொல்லணும். அதோட, உங்களுக்கு எது முக்கியம்னு வரிசைப்படுத்திச் சொல்லலைன்னா, அவங்களுக்குச் சுலபமானதை நகர்த்தி உங்க கையில் வச்சுடுவாங்க. ஜிம் மெம்பர்ஷிப் மாதிரி.

அதனால பதில் எழுதுறதுக்கு முன்னாடி அவ ஒரு தாள்ல வரிசை எழுதுறா. முதல்ல பேஸ். காரணம் ஆசை மட்டுமில்லை, ரெண்டு வருஷத்துல வீட்டுக் கடன் எடுக்கிற எண்ணம் இருக்கு. கடன் கொடுக்கிற வங்கி பேஸைத்தான் உறுதியான வருமானமா பார்க்கும், அலவன்ஸையும் போனஸையும் முழுசா கணக்கில் எடுக்காமல் போகலாம். ரெண்டாவது, வீட்டிலிருந்து இன்னொரு நாள். மூணாவது, கிளவுட் சான்றிதழ் தேர்வுக்கான செலவு. இந்த மூணுக்கும் வெளியே, யாருக்கும் காட்டாத ஒரு கோடு: பேஸ் 87,000க்குக் கீழே போனா, பழைய இடத்தை விட்டு வர்றதுல அர்த்தம் இல்லை.

வரிசை உண்மையானதா இருக்கணும். "எனக்கு வீட்டு நாள்தான் முக்கியம்"னு நாசூக்கா சொல்லிட்டு, அவங்க அதைக் கொடுத்த பிறகு "சரி, இப்போ பேஸ் பத்திப் பேசலாமா"ன்னா, அந்தப் பக்கம் இருக்கிறவர் முகம் மாறும். கேட்டதைக் கொடுத்தாச்சே! மனசுல பணம்தான் முதல்னா பணத்தையே முதல்ல எழுதுங்க. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. அதே மாதிரி ஏழு விஷயத்தை "முக்கியம்"னு போட்டா எதுவுமே முக்கியம் இல்லைன்னு அர்த்தம். ரெண்டு, மூணு போதும்.

அவ எழுதின பதில் கீழே. நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் போகும், சாரத்தை மட்டும் பாருங்க.

> ஆஃபருக்கு நன்றி. டீமோடு பேசினதில் இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு, சேர விரும்புறேன். இது இன்னும் பரிசீலனையில் இருக்கு, வியாழக்கிழமைக்குள் உறுதியான பதில் தர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு விளக்கம் வேணும். நான் 95,000னு சொன்னது பேஸை வச்சு. கடிதத்தில் சூப்பர் உள்ளடங்கியிருப்பதால் பேஸ் சுமார் 84,800 வருது, இது இப்போதைய சம்பளத்துக்கு ரொம்பப் பக்கம். எனக்கு முதல் முன்னுரிமை பேஸ். அடுத்தது வீட்டிலிருந்து வேலை செய்ற நாட்கள். அதுக்கு அடுத்தது சான்றிதழ் தேர்வுச் செலவு. இவற்றில் எதில், எந்த அளவுக்கு இடம் இருக்கு? கடிதத்தில் சொல்லியிருக்கிற ஆன்-கால் முறைக்கு அலவன்ஸ் எப்படின்னும் தெரிஞ்சுக்க விரும்புறேன்.

இதுல "95 கொடுத்தா வர்றேன்"னு எங்கேயும் இல்லை. எதிர்பார்ப்பைத் தகவலா சொல்லியிருக்கா, நிபந்தனையா வைக்கலை. இது வெறும் பணிவு இல்லைங்க, சட்டத்துலயும் இதுக்கு ஒரு பழைய அடிப்படை உண்டு. ஒப்பந்தச் சட்டம் படிச்ச ஃப்ரெண்ட் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, முதல் மாசத்துலயே சொல்லிக் கொடுக்கிற ரெண்டு இங்கிலாந்து வழக்குகள்.

முதலாவது 1840ல் ஹைட் எதிர் ரென்ச். ரென்ச் தன் பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தர்றேன்னார். ஹைட், 950க்கு வாங்கிக்கிறேன்னார். ரென்ச் மாட்டேன்னுட்டார். உடனே ஹைட், சரி, அந்த 1,000க்கே வாங்கிக்கிறேன்னார். ரென்ச் அதுக்கும் தலையாட்டலை. கோர்ட்டுக்குப் போனா, தீர்ப்பு ரென்ச் பக்கம். 950ன்னு எதிர்விலை சொன்ன நொடியே ஹைட் முதல் ஆஃபரை நிராகரிச்சதா ஆயிடுச்சு, செத்துப்போன ஆஃபரை அவரே நினைச்சாலும் எழுப்ப முடியாதுன்னு ஆச்சு.

ரெண்டாவது 1880ல் ஸ்டீவன்சன் எதிர் மக்லீன். இரும்பு டன்னுக்கு 40 ஷில்லிங், ரொக்கம், திங்கட்கிழமை வரை இந்த விலைன்னு மக்லீன் சொல்றார். திங்கள் காலையில் வாங்குறவங்க ஒரு தந்தி அடிக்கிறாங்க. அதே 40க்கு ரெண்டு மாசத்துல பிரிச்சு டெலிவரி தருவீங்களா, இல்லைன்னா எவ்வளவு அவகாசம் கொடுப்பீங்கன்னு கேள்வி. மக்லீன் பதில் போடாம வேற ஆளுக்கு வித்துட்டார். வித்துட்டேன்னு அவர் அடிச்ச தந்தி வந்து சேர்றதுக்குள்ள, இவங்க 40 ஷில்லிங்கை அப்படியே ஏத்துக்கிட்டுத் தந்தி அனுப்பிட்டாங்க. கோர்ட் சொன்னது: இவங்க கேட்டது ஒரு விசாரிப்பு, எதிர்விலை இல்லை. அதனால ஆஃபர் உயிரோடத்தான் இருந்தது, ஒப்பந்தம் செல்லும்.

ஆஸ்திரேலிய ஒப்பந்தச் சட்டமும் இந்த வேறுபாட்டை ஏத்துக்குது. "எது நகரும்?"னு கேக்கிறது ஸ்டீவன்சன் தந்தி மாதிரி. "95 இல்லைன்னா வேண்டாம்"ங்கிறது ஹைட்டோட 950 மாதிரி. முதல் வகையில் கேட்டு, பதில் சரியா வரலைன்னாலும், பழைய ஆஃபரை அப்படியே ஏத்துக்கிற வழி உங்ககிட்ட இருக்கு. ஒரு எல்லையும் இருக்கு: நீங்க ஏத்துக்கிறதுக்கு முன்னாடி, ஆஃபர் கொடுத்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அதனால கேள்வி அனுப்பிட்டு மூணு வாரம் கிணத்துல போட்ட கல் மாதிரி இருக்காதீங்க. அவ வியாழக்கிழமைன்னு நாள் குறிச்சது அதுக்குத்தான்.

இனி ரெக்ரூட்டர். மெயில் போன அரைமணியில் போன் வரும். அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது கம்பெனி, அதுவும் நீங்க சேர்ந்தாத்தான். அவர் வில்லன் இல்லை. ஆனா உங்களுக்கு இன்னும் அஞ்சாயிரம் வாங்கித் தர்றதை விட இந்த வாரமே முடியுறது அவருக்கு லாபம். அவர் கேட்கப்போற கேள்வி: "எந்த எண்ணைக் கொடுத்தா இன்னைக்கே சைன் பண்ணுவீங்க?" நியாயமான கேள்விதான், ஆனா அதுல ரெண்டு சிக்கல். நீங்க சொல்ற எண் அந்த நொடியே உச்சவரம்பு ஆயிடும், மத்ததெல்லாம் மேசையிலிருந்து காணாமல் போயிடும். "முழுப் படத்தையும் பார்த்துட்டுச் சொல்றேன். பேஸ் எவ்வளவு தூரம் போகும், அதுக்கு அப்புறம் யார் கையெழுத்து வேணும்னு கேட்டுச் சொல்ல முடியுமா?"ன்னு திருப்பிக் கேளுங்க. யார் கையெழுத்துன்னு தெரிஞ்சா பாதி விடை கிடைச்ச மாதிரி.

"மத்தவங்களுக்கு என்ன கொடுக்கிறாங்கன்னு எப்படித் தெரியும்?"னு சிலர் கேட்டிருந்தீங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்டயே கேளுங்க. சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தத்தில் போடுறதை ஃபேர் வொர்க் சட்டம் 2022 டிசம்பர் 7லிருந்து தடுத்திருக்கு. சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம், கேக்கிறது உங்க உரிமை. நம்ம மாமாக்கள் கல்யாண வீட்டுல கேக்கிற கேள்வியை இப்போ சட்டமே ஆசீர்வதிச்சிருக்கு!

புதன்கிழமை கம்பெனி பதில் வருது. அவங்க பட்டியலில் இந்த லெவலுக்கு உச்சம் 88,000 பேஸ், சூப்பர் தனி. அதுக்கு மேல இப்போ முடியாது. வீட்டு நாள் ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு, சரி. தேர்வுச் செலவு, சரி. ஆன்-கால் அஞ்சு வாரத்துக்கு ஒரு முறை, அந்த வாரத்துக்கு 250 டாலர் அலவன்ஸ், இது ஏற்கனவே பாலிசியில் இருக்கு. கேட்காம விட்டிருந்தா அது இருக்கிறதே அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆறு மாசம் கழிச்சுச் சம்பளத்தைப் "பார்க்கலாம்".

கணக்கைப் போடுங்க. பேஸ் இடைவெளி 10,179லிருந்து 7,000 ஆகிடுச்சு. அலவன்ஸ் வருஷத்துக்குச் சுமார் 2,500, ஆனா அதுக்குப் பத்து வாரம் போனைப் பக்கத்துல வச்சுத் தூங்கணும், அதனால அதை இனாமா எண்ணக்கூடாது. வேலை நேரத்துக்கு வெளியே வர்ற தொடர்பை மறுக்கும் உரிமை 2024 ஆகஸ்ட் 26 முதல் இருக்கு, ஆனா மறுத்தது நியாயமான்னு பார்க்கும்போது அதுக்குப் பணம் கொடுக்கிறாங்களா என்பதும் கணக்கில் வரும். அலவன்ஸ் வாங்கிட்டு ராத்திரி போனை எடுக்காம இருக்க முடியாது. 88,000 அவளோட கோட்டுக்கு மேல இருக்கு. இரண்டாவது, மூணாவது முன்னுரிமை கிடைச்சாச்சு.

மிச்சம் இருக்கிறது அந்தப் "பார்க்கலாம்". இந்தப் பேரத்துல காத்துல போறது பெரும்பாலும் இந்தச் சொல்தான். அவ இன்னும் ஒரே ஒரு விஷயம் கேக்கிறா: ஆறு மாச ரிவ்யூ எந்தத் தேதியில், எதை வச்சு, எந்த எண்ணை நோக்கின்னு கடிதத்துலயே இருக்கணும். இதுக்கு மேல மூணாவது சுற்று வேண்டாம்னு நினைக்கிறேன். ஒரே பதிலில் எல்லாத்தையும் கேட்டு, மிச்சம் ஒண்ணை மட்டும் இறுக்கிப் பிடிச்சா மரியாதையா இருக்கும். தினம் ஒரு கோரிக்கையா அனுப்பினா, சேர்றதுக்கு முன்னாடியே மேனேஜருக்கு அலுப்பு தட்டிடும்.

வீட்டு நாளை இப்பவே எழுதி வாங்கணும்னு ஏன் வற்புறுத்துறேன்னா, ஃபேர் வொர்க் சட்டத்தில் நெகிழ்வான வேலை முறையைக் கோரும் உரிமை பொதுவா 12 மாசம் வேலை பார்த்த பிறகுதான் வருது. அதுவும் குழந்தை வளர்ப்பு, பராமரிப்புப் பொறுப்பு, உடற்குறை, 55 வயது மாதிரி குறிப்பிட்ட சூழ்நிலைகள்ல இருக்கிறவங்களுக்கு. இருபத்தஞ்சு வயசுல தனியா, நலமா இருக்கிற ஆளுக்கு அந்தக் கதவு திறக்காது. வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்டு வேலையை உரிமை ஆக்கப்போறதா விக்டோரியா அரசு 2025 ஆகஸ்ட்ல அறிவிச்சது. இருந்தாலும் உங்க ஆஃபரை அதை நம்பி அமைக்காதீங்க.

இந்த முறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடாது. விக்டோரியா அரசுத் துறை வேலைகள்ல கிரேடும் அதுக்கான சம்பள எல்லையும் ஒப்பந்தத்துலயே வெளிப்படையா இருக்கு. அங்க "பேஸ் நகருமா"ன்னா, அந்தக் கிரேடுக்குள்ள எந்தப் புள்ளியில் தொடங்கலாம் என்பதுதான் கேள்வி. அதை உங்க அனுபவத்தைக் காட்டித்தான் கேக்கணும். பெரிய கம்பெனிகளின் கிராஜுவேட் புரோகிராம்ல நூறு பேருக்கு ஒரே சம்பளம், அங்க பேஸை முன்னுரிமையா வச்சா சுவரோட பேசுற கதை. எந்த டீம், எந்த ரொட்டேஷன், எப்போ சேர்றது என்பது மட்டும்தான் நகரும்.

கடைசியா வேலை ஒண்ணு பாக்கி. மெயிலில் "சரி"ன்னு சொன்னது போதாது. பல ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்துல, இதுக்கு முன்னாடி பேசினது எதுவும் செல்லாது, இந்தத் தாளில் இருக்கிறது மட்டும்தான் ஒப்பந்தம்னு ஒரு ஷரத்து இருக்கும். அதனால 88,000 பிளஸ் சூப்பர், வாரம் ரெண்டு வீட்டு நாள், தேர்வுச் செலவு, ஆன்-கால் அலவன்ஸ், ரிவ்யூ தேதி எல்லாம் போட்ட திருத்திய கடிதம் கைக்கு வரணும். அதைப் படிச்சு, "தவிர"ங்கிற சொல் இந்த முறை இருக்கான்னு பார்த்து, ரெண்டு பக்கமும் கையெழுத்து விழுந்த பிறகுதான் பழைய வேலையில் ராஜினாமா.